திறக்கிற பிடிஎஃப்-ஐ அரசுத் தளம் ஏன் ஏற்க மறுக்கிறது?

(நம் டிரஸ்டின் கல்வி உதவிக் கூட்டத்தில் பெற்றோர்களுக்கும் மாணவ, மாணவிகளுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஸ்காலர்ஷிப், உதவித்தொகை விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது நம் உதவி மேசையில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு உண்டு. "போனில் நல்லா திறக்குதுங்க, எழுத்தெல்லாம் தெளிவா இருக்குதுங்க, ஆனால் அப்லோடு பண்ணினால் மட்டும் எடுக்க மாட்டேங்குது." திரையில் Invalid file என்று ஒரு வரி வரும். எது தவறு என்று அந்த வரி சொல்லாது. சர்வர் சரியில்லை என்று நினைத்து மறுநாள் வரை காத்திருப்போம். அதற்குள் தேதி போய்விடும். தகுதி இருந்தும், சான்றிதழ் இருந்தும், ஒரு வருட உதவி கை நழுவிவிடும். அதனால் இன்று இந்த ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

பிடிஎஃப் என்பது வெறும் படம் அல்ல. நாம் பார்க்கிற பக்கத்துக்குப் பின்னால் வேறு சில தகவல்களும் அந்த ஃபைலில் இருக்கின்றன. பூட்டு போட்டிருக்கிறதா, நிரப்பும் கட்டங்கள் உள்ளனவா, பக்கத்தின் அளவு எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே எழுதப்பட்டிருக்கும். நம் கண் பக்கத்தை மட்டும் பார்க்கிறது. அரசுத் தளத்தில் உள்ள மென்பொருளோ இவற்றைத்தான் முதலில் படிக்கிறது.

கரும்புக்கடையைச் சேர்ந்த ஒரு மாணவி, கல்லூரி முதலாண்டு, ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் நான்கு ஃபைல்கள் இருக்கின்றன: இ-ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், கல்லூரி கொடுத்த உறுதிமொழிப் படிவம், இ-சேவை மூலம் வாங்கிய வருமானச் சான்றிதழ். நான்கும் போனில் திறக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இ-ஆதார். இதை டவுன்லோடு செய்தால் கடவுச்சொல் கேட்கும். ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்துகள், பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த வருடம். SURESH KUMAR, 1990 என்றால் SURE1990. நம் வீடுகளில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருப்பது வழக்கம். அங்கேதான் பலருக்குத் திறப்பதில்லை. இனிஷியலும் அதன் புள்ளியும் எழுத்துக் கணக்கில் சேரும், இடைவெளி சேராது. P. KUMAR என்றால் P.KU1990. SAI KUMAR என்றால் SAIK1990. மூன்றே எழுத்துப் பெயரானால் மூன்றோடு நின்றுவிடும்: RIA1990.

நமக்குக் கடவுச்சொல் தெரியும், தளத்துக்குத் தெரியாது. பூட்டிய ஃபைலை அது வைரஸ் சோதனை செய்ய முடியாது, மற்ற ஆவணங்களோடு சேர்த்து அதிகாரிக்குக் காட்டவும் முடியாது. அதனால் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இன்னொரு வகைப் பூட்டு இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது. கடவுச்சொல் கேட்காமலே ஃபைல் திறக்கும். ஆனால் திருத்தக்கூடாது, நகலெடுக்கக்கூடாது என்று கொடுத்தவர் தடை போட்டிருப்பார். அந்தத் தடையைப் போடவும் ஃபைல் மறையாக்கம் செய்யப்படுகிறது. தளத்தைப் பொறுத்தவரை இதுவும் பூட்டிய ஃபைல்தான். நன்றாகத் திறக்கிற ஃபைல் திரும்பி வருவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் ஃபைலைத் திறந்து Ctrl + D அழுத்துங்கள். வருகிற பெட்டியில் Security என்ற பகுதியைப் பாருங்கள். Security Method என்பதற்கு எதிரே No Security என்றிருந்தால் பூட்டு இல்லை. Password Security என்றிருந்தால் பூட்டு இருக்கிறது. அதே இடத்தில் Printing என்பதற்கு எதிரே Allowed என்றிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அது பிறகு தேவைப்படும்.

இரண்டாவது பாஸ்புக் பக்கம். மாணவி போனில் படம் எடுத்து, ஒரு ஆப்பில் பிடிஎஃப் ஆக்கிவிட்டார். ஃபைல் 180 கேபிதான், கேட்டது 200 கேபிக்குள். இருந்தும் ஏற்கவில்லை. ஃபைலின் எடை வேறு, பக்கத்தின் அளவு வேறு. பிடிஎஃப்-இல் பக்க அளவு ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற கணக்கில் எழுதப்படுகிறது. ஏ4 தாள் ஏறத்தாழ 595-க்கு 842 புள்ளி. போன் எடுத்த படத்தில் குறுக்கே 3000, நெடுக்கே 4000 புள்ளிகள் இருந்தால், சில ஆப்கள் அந்த எண்களையே பக்க அளவாக எழுதிவிடுகின்றன. 3000-ஐ 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 42 அங்குலம். 4000-ஐ வகுத்தால் 55 அங்குலத்துக்கும் மேல். கையடக்கப் பாஸ்புக், நாலரை அடி உயர பேனர் ஆகிவிடுகிறது! போன் திரை அதைச் சுருக்கிக் காட்டுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஏ4 மட்டும் ஏற்கும் தளம் அதை மறுத்துவிடும். முத்திரைத்தாளை ஸ்கேன் செய்யும்போதும் இதே சிக்கல் வரலாம், ஏனென்றால் அது ஏ4-ஐ விட நீளம்.

இதற்கும் அதே Ctrl + D போதும். Description பகுதியின் அடியில் Page Size என்று இருக்கும். 8.27 x 11.69 in என்றிருந்தால் ஏ4. அடோபி இல்லாவிட்டால் குரோமில் ஃபைலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Document properties பார்த்தாலும் பக்க அளவு தெரியும்.

மூன்றாவது உறுதிமொழிப் படிவம். இது திரையிலேயே டைப் செய்து நிரப்பும் வகை. ஒரு கட்டத்தைத் தொட்டால் கர்சர் வந்து துடித்தால், அது உயிருள்ள கட்டம் என்று பொருள். நாம் எழுதிய பெயரும் எண்ணும் பக்கத்தின் மேல் அச்சாகவில்லை, தனியாகக் கட்டத்துக்குள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. சில தளங்கள் இத்தகைய ஃபைலை நேரடியாக மறுக்கும். சில தளங்கள் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதிகாரியின் திரையில் கட்டங்கள் காலியாகத் தெரியக்கூடும். "படிவம் நிரப்பப்படவில்லை" என்று பல நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வரும். இது மறுப்பை விடக் கெட்டது, ஏனென்றால் உடனே தெரியாது. குரோமில் நிரப்பி டவுன்லோடு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். With your changes, Without your changes என்று இரண்டு கேட்கும். இரண்டாவதை அழுத்தினால் வெற்றுப் படிவம்தான் சேமிக்கப்படும்.

இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே தீர்வு போதும். ஃபைலைக் காகிதத்தில் அச்சிடாமல், புதிய பிடிஎஃப் ஆகவே அச்சிடுவது. அச்சாகும்போது பக்கத்தின் தோற்றம் மட்டும் புது ஃபைலுக்குப் போகும். பூட்டு போகாது, கட்டங்கள் போகாது, தாள் அளவை நாமே தீர்மானிக்கலாம்.

விண்டோஸ் 10 அல்லது 11 கம்ப்யூட்டரில் ஃபைலைக் குரோமில் திறங்கள். கடவுச்சொல் கேட்டால் கொடுங்கள். Ctrl + P அழுத்துங்கள். Destination என்ற இடத்தில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுங்கள். More settings-க்குள் Paper size-ஐ A4 என்றும், Scale-ஐ Fit to paper என்றும் வையுங்கள். Print அழுத்தி, aadhaar.pdf என்பது போலச் சுருக்கமான ஆங்கிலப் பெயரில் சேமியுங்கள்.

அதே பட்டியலில் Save as PDF என்றும் ஒன்று இருக்கும். பூட்டை எடுக்க அது போதும். ஆனால் பிடிஎஃப்-ஐ மறுபடி பிடிஎஃப் ஆக்கும்போது அது தாள் அளவை மாற்ற விடாது. பேனர் அளவுப் பாஸ்புக் பேனராகவே இருக்கும். அதனால்தான் Microsoft Print to PDF என்று சொல்கிறோம்.

பாஸ்புக்கின் மூலப் புகைப்படம் கையில் இருந்தால் அதிலிருந்தே தொடங்குவது இன்னும் நல்லது. விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து Print கொடுத்து, அதே பிரிண்டரையும் A4-ஐயும் தேர்ந்தெடுங்கள். கீழே Fit picture to frame என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் படத்தின் ஓரம் வெட்டப்படும், கணக்கு எண்ணின் ஒரு இலக்கம் போனாலும் பயனில்லை. போனிலேயே ஸ்கேன் செய்பவர்கள், ஆப்பின் செட்டிங்கில் பக்க அளவை முதலிலேயே A4 என்று வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

புது ஃபைலை மறுபடி Ctrl + D கொடுத்துப் பாருங்கள். No Security, 8.27 x 11.69 என்று இரண்டும் வரவேண்டும். கட்டங்களைத் தொட்டால் கர்சர் வரக்கூடாது. எடையையும் பாருங்கள், அச்சிட்ட பிறகு சில ஃபைல்கள் கூடிவிடும். கூடியிருந்தால் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்து பாருங்கள். எழுத்து மங்கும் அளவுக்குச் சுருக்க வேண்டாம்.

நான்காவது வருமானச் சான்றிதழ். இங்கே அவசரப்படக்கூடாது. அதில் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கையொப்பமும் ஃபைலுக்குள் ஒரு கட்டமாகவே இருக்கிறது. அச்சிட்டுப் புதிதாக்கினால் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும், அதைச் சரிபார்க்கும் தகவல் போய்விடும். ஆகவே முதலில் மூல ஃபைலையே அப்லோடு செய்யுங்கள். ஏற்றால் அதுவே சிறந்தது. மறுத்தால் மட்டும் அச்சிட்ட நகலைக் கொடுங்கள். சான்றிதழ் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், அந்த எண்ணைக் கொண்டு இ-சேவை தளத்தில் சரிபார்க்க முடியும். கையொப்பமிட்ட மூல ஃபைல்தான் வேண்டும் என்று அறிவிப்பில் சொல்லியிருந்தால் அச்சிட்ட நகலைக் கொடுக்காதீர்கள். எப்படியானாலும் மூலத்தை அழிக்காதீர்கள்.

Printing என்பதற்கு எதிரே Not Allowed என்றிருந்தால் இந்த வழி ஓடாது. கொடுத்த கல்லூரியிடமோ அலுவலகத்திடமோ தடையில்லாத ஃபைல் கேளுங்கள். அல்லது காகித நகல் வாங்கி ஏ4 அளவில் ஸ்கேன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பூட்டை எடுத்துத் தருகிறோம் என்று இலவச இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஆதாரைப் போட்டால், ஃபைலையும் கடவுச்சொல்லையும் சேர்த்து முகம் தெரியாதவரிடம் ஒப்படைப்பதாகும். மேலே சொன்ன முறையில் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை. பிரவுசிங் சென்டரில் செய்தால், வேலை முடிந்ததும் Downloads-இல் உள்ள பூட்டில்லாத நகலை அழித்து, Recycle Bin-ஐயும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். ஆதாரின் முழு எண் தேவையில்லை என்று அறிவிப்பு அனுமதித்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை எடுத்துக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தும் தளம் ஏற்கவில்லை என்றால், திரையில் வந்த வரியைப் படம் எடுத்துக்கொண்டு, மூல ஃபைலையும் புது ஃபைலையும் பென் டிரைவில் போட்டு, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாவது நம் உதவி மேசைக்கு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே தடுக்கிறது என்று சேர்ந்து கண்டுபிடித்துவிடலாம்.