இலாபம் இருக்கிறது, காசு எங்கே?
தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரை



சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது இரண்டு விதமான பேச்சை நாம் கேட்கிறோம். "கம்பனி இத்தனை மில்லியன் இலாபம் என்று ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறதே, பிறகு ஏன் தரமாட்டார்கள்?" என்று நமது ஆட்கள் கேட்பார்கள். "இலாபம் ஏட்டில்தான் இருக்கிறது, கையில் காசில்லை" என்று கம்பனிக்காரர் சொல்வார்கள். அது சாக்குப்போக்கு என்று நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடுவது வழக்கம். சில வேளை அது சாக்குத்தான். சில வேளை உண்மை. எது என்பதைக் கண்டுபிடிக்க ஆண்டறிக்கையிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அதற்குக் காசுப் பாய்ச்சல் கூற்று என்று பெயர்.

இலாபம் என்பது ஒரு கணிப்பு. காசு என்பது வங்கியில் வந்ததும் போனதும். இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கற்பனைத் தேயிலைக் கம்பனியை வைத்துப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் போட்டவை. ஆனால் கணக்கு முறை நிஜமானது.

அந்தக் கம்பனி இந்த ஆண்டு 120 மில்லியன் ரூபா இலாபம் காட்டியிருக்கிறது. அதில் 90 மில்லியன் மரத்தில் இருந்து வந்தது. மரத்தை வெட்டி விற்கவில்லை. மரம் நின்றபடியே நிற்கிறது. 2012ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் நடைமுறையில் உள்ள கணக்கீட்டு நியமத்தின்படி, தோட்டத்தில் வெட்டுமரத்துக்காக வளர்க்கும் யூக்கலிப்டஸ் போன்ற மரங்களை ஒவ்வோர் ஆண்டும் மதிப்பிட வேண்டும். போன ஆண்டைவிடப் பெறுமதி கூடினால் அந்தக் கூடுதல் இலாபத்தில் சேரும். மதிப்பீட்டாளர் மரத்தின் சுற்றளவு, எதிர்கால விலை, வட்டி வீதம் எல்லாவற்றையும் வைத்துத்தான் கணிக்கிறார். மரம் ஓர் அங்குலமும் பருக்காமலே, வட்டி வீதம் இறங்கினால் பெறுமதி ஏறும். அந்த மரத்தைக் காட்டிக் கடைக்காரரிடம் அரிசி வாங்க முடியாது. அதை வெட்டுவதற்கும் அனுமதி வேண்டும். ஆக, 120இல் இருந்து 90ஐக் கழித்தால் மிச்சம் 30.

இப்போது எதிர்ப்பக்கம். தொழிற்சாலை, இயந்திரம், ஏற்கெனவே கொழுந்து தரும் மலைகள் ஆகியவற்றுக்குப் பெறுமானத் தேய்வு என்று 70 மில்லியனைச் செலவாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காசு முன்னைய ஆண்டுகளில் போய்விட்டது; இந்த ஆண்டு யாருக்கும் கொடுக்கவில்லை. அதைத் திருப்பிச் சேர்த்தால் 100.

அடுத்தது பணிக்கொடை, நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஒரு தொழிலாளி வேலை செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற வீதத்தில் அது சேர்ந்து வருகிறது. இலாபக் கணக்கில் அந்த ஆண்டுக்குரிய பங்குதான் செலவாகும். நமது கம்பனியில் அது 60 மில்லியன். ஆனால் இந்த ஆண்டு ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுத்தது 85. பல ஆண்டுகளுக்கு முன்பே செலவாக எழுதியது இப்போதுதான் காசாகப் போகிறது. வித்தியாசம் 25. மிச்சம் 75.

பிறகு தேயிலை. மார்ச் 31இல் கணக்கை முடிக்கும்போது களஞ்சியத்திலும் கொழும்பு ஏலத்துக்குப் போகும் வழியிலும் விற்காத தேயிலை கிடக்கும். அதைப் பின்னர் ஏலத்தில் கிடைத்த விலையிலேயே கணக்கில் எழுதும் வழக்கம் பல தோட்டக் கம்பனிகளிடம் உண்டு. அதாவது விற்கும் முன்பே இலாபம் ஏறிவிடுகிறது, காசு அடுத்த ஆண்டுதான் வரும். இருப்பும் வரவேண்டிய பணமும் போன ஆண்டைவிட 30 கூடியிருந்தால், மிச்சம் 45.

இதுதான் தொழில் நடத்தி வந்த காசு. 120 என்று கேட்டோம், 45தான் வந்திருக்கிறது.

இன்னும் முடியவில்லை. பழைய மலையைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு வருடம் மானாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, பிறகு கன்று நட்டு, அது கொழுந்துக்கு வரும் வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்கக் குழி வெட்டுக்கும் புல்லு வெட்டுக்கும் உரத்துக்கும் போகும் காசு இலாபக் கணக்கில் செலவாக வராது. சொத்து என்று எழுதிவைப்பார்கள். கொழுந்து மலையில் நிற்பவரின் அன்றைய பேர் செலவு. பக்கத்து இளங்கன்று மலையில் புல்லு வெட்டியவரின் பேர் சொத்து. இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே பெட்டியில் இருந்துதான் போகிறது. நமது கம்பனி மறுநடுகைக்கு 55, இயந்திரத்துக்கு 25, ஆக 80 மில்லியன் போட்டது. 45இல் 80 போனால் 35 பள்ளம். இப்படிக் கடைசியாக நிற்கும் தொகையைத்தான் கணக்காளர்கள் ஃபிரீ கேஷ் ஃபுளோ என்கிறார்கள். நாம் மிஞ்சும் காசு என்று சொல்வோம். இங்கே மிஞ்சவில்லை.

அதற்கு மேல் வங்கிக் கடன் தவணை 50, பங்குதாரருக்குப் பங்கிலாபம் 20. மொத்தப் பள்ளம் 105 மில்லியன். அதை வங்கி மேலதிகப்பற்றால் நிரப்புவார்கள். வங்கி ஒரு நாள் கையை விரித்தால், 120 மில்லியன் இலாபம் காட்டிய கம்பனிக்கு அடுத்த மாதச் சம்பளம் போட வழியில்லை.

அப்படியானால் கம்பனி சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். பாதி சரி. அந்த 20 மில்லியனைப் பாருங்கள். காசில்லாத ஆண்டில் கடன் வாங்கிப் பங்கிலாபம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வழி கிடைத்தது எப்படி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மறுபக்கமும் உண்டு. மரத்தின் பெறுமதி இறங்கிய ஆண்டில் ஒரு கம்பனி நட்டம் காட்டும். ஆனால் பெட்டியில் காசு வந்துகொண்டிருக்கும். நட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் வாயடைத்துப் போகத் தேவையில்லை. மிஞ்சும் காசு நிறைய இருப்பதும் எப்போதும் நல்ல சேதி அல்ல. மறுநடுகையை நிறுத்தினால் அந்த 55 உடனே மிஞ்சும். கணக்கு அழகாக இருக்கும், செடி கிழடாகிப் போகும், பத்து வருடத்தில் கொழுந்து குறைந்து பேர் குறையும். பள்ளம் மறுநடுகையால் வந்ததா, வேறெதனாலா என்று பிரித்துப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

காசுத் தட்டுப்பாடு தொடங்கினால் அது முதலில் தெரிவது கொழும்பில் அல்ல, தோட்டத்தில். உரம் பிந்தும். பணிக்கொடை சட்டப்படி 30 நாளுக்குள் வரவேண்டியது, மாதக்கணக்கில் இழுபடும். ஊழியர் சேமலாப நிதி அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டியது, நிலுவையாகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டாமல் வைத்திருக்கும் நிதி, கொடுக்க வேண்டிய கடன் கூடியதாகக் கணக்கில் வரும். அதனால் தொழில் நடத்தி வந்த காசு கூடியதுபோலத் தெரியும். நமது சம்பளத்தில் வெட்டிய 8 வீதமும் கம்பனி போட வேண்டிய 12 வீதமும் கடனாகக் கம்பனியின் கையில் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆகவே பேச்சுவார்த்தைக்கு முன்பு ஒரே ஆண்டின் இலாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகளின் ஆண்டறிக்கை எவரும் பார்க்கக்கூடியது. மூன்று ஆண்டுக்குரிய காசுப் பாய்ச்சல் கூற்றை எடுத்து, நான்கு வரிகளை அடிக்கோடிடுங்கள்: மரப் பெறுமதியால் வந்த இலாபம், கொடுத்த பணிக்கொடை, மறுநடுகைச் செலவு, பங்கிலாபம். அவற்றோடு கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, உங்கள் தோட்டத்தில் சேமலாப நிதி கடைசியாக எந்த மாதத்துக்குக் கட்டப்பட்டது என்ற விபரத்துடன் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள்.