வெபரும் கால் வேலி நிலமும்: ஐந்து நிமிடச் செமினார் உரை பற்றி

இளங்கலைச் சமூகவியல் வகுப்புகளில் மூவரோ நால்வரோ சேர்ந்து ஒரு கோட்பாட்டைச் சுருக்கி வகுப்புத் தோழர்களுக்கு முன் ஐந்து நிமிடத்தில் எடுத்துரைக்கும் குழுச் செமினார், பெரும்பாலும் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கான சடங்காகவே நடந்து முடிகிறது. நிதானமாகப் பேசும் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொற்கள் என்று கொண்டால், அந்த உரை முழுவதும் ஐந்நூறு சொற்களுக்குள் அடங்க வேண்டும். பாடநூலின் பன்னிரண்டு பக்கங்களை அதற்குள் திணிக்க முற்படும் குழு வேகமாக வாசிக்கிறது, கேட்பவர் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. எதை விடுவது என்று அறிந்து விடுவதே இக்கலையில் கடினமான பகுதி. உத்திரமேரூர் வட்டாரத்து மாணவர் குழு ஒன்று மாக்ஸ் வெபரின் சமூக அடுக்கமைவுக் கோட்பாட்டை எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், அந்தத் தேர்வு எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதைத் தெளிவாகக் காண முடியும்.

வழக்கமான உரை, வெபர் 1864ஆம் ஆண்டு ஜெர்மனியின் எர்ஃபர்ட் நகரில் பிறந்தார் என்று தொடங்கி, அவர் எழுதிய நூல்களின் பட்டியலில் முதல் நிமிடத்தைச் செலவழித்துவிடும். அந்த விவரங்கள் மெய்யானவையே, ஆனால் கோட்பாட்டின் எந்தக் கூற்றையும் அவை விளக்குவதில்லை. முதல் அரை நிமிடத்தில் கேட்பவர் மனத்தில் பதிய வேண்டியது ஒரு கேள்வியே: ஒரு சமூகத்தில் ஒருவர் மேலே இருக்கிறார், இன்னொருவர் கீழே இருக்கிறார் என்று சொல்வதற்கு உடைமை ஒன்றே அளவுகோலா?

வெபரின் விடை அளவுகோல்கள் மூன்று என்பது. முதலாவது வர்க்கம்: சந்தையில் ஒருவருக்குள்ள உடைமையும் திறனும் அவருடைய வாழ்க்கை வாய்ப்புகளைத் தீர்மானிக்கும் நிலை. இரண்டாவது அந்தஸ்து, அதாவது பிறர் அளிக்கும் மதிப்பு. யாரோடு உண்பது, எந்த வீட்டில் பெண் கொடுப்பது, எத்தகைய வாழ்க்கைமுறையைக் கைக்கொள்வது என்பவற்றில் அது வெளிப்படும். மூன்றாவதை வெபர் கட்சி என்று அழைக்கிறார். தேர்தலில் நிற்கும் கட்சிகள் மட்டுமின்றி, அதிகாரத்தைக் கைப்பற்றும் நோக்குடன் திரளும் எந்த அமைப்பையும் அது குறிக்கும். அதிகாரம் என்பதை, பிறர் எதிர்த்தாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பு என்று அவர் வரையறுக்கிறார். இம்மூன்றையும் பட்டியலாக ஒப்பிப்பதோடு பெரும்பாலான குழுக்கள் நின்றுவிடுகின்றன. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம், பிரிந்தும் இருக்கலாம், ஒன்று இன்னொன்றாக மாறவும் கூடும் என்பதே கோட்பாட்டின் உயிர்நாடி, அதைச் சொல்லாத உரை கோட்பாட்டைச் சொன்னதாகாது. இதற்கு ஒன்றரை நிமிடம் போதும்.

அடுத்த இரண்டு நிமிடங்கள் எடுத்துக்காட்டுக்கு உரியவை. உத்திரமேரூர் மாணவர்களுக்கு அது ஊருக்குள்ளேயே இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பொது ஆண்டு 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், சதுர்வேதிமங்கலமாக இருந்த அவ்வூரின் சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த விதிகளைத் தருகின்றன. முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதைப் பண்டைத் தமிழரின் மக்களாட்சி என்று போற்றிப் பேசிவிட்டு அமர்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும்; வெபரின் கோட்பாட்டுக்கு அந்தப் போற்றுதலால் பயன் ஏதுமில்லை. பயன் தருவது தகுதி விதிதான்.

921ஆம் ஆண்டு விதிப்படி, பெயர் எழுதப்படுபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராக, 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருப்பவராக, வேத நூல்களைக் கற்பிக்கும் புலமை பெற்றவராக இருக்க வேண்டும். நிலம், கல்வி, பதவி என்னும் மூன்றும் இங்கு ஒரே முடிச்சில் இறுகியிருப்பதைக் கேட்பவர் உடனே உணர்ந்துகொள்வர். ஆனால் அதற்கு அடுத்த விதியே இன்னும் நுட்பமானது. அரைக்கால் வேலி நிலம் மட்டும் உடையவரும், ஒரு வேதத்தையும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றையும் விளக்க வல்லவராக இருந்தால், அவர் பெயரும் குடத்தில் இடப்படலாம். குறைந்த நிலத்தைக் கூடுதல் கல்வி ஈடுசெய்கிறது. வர்க்கத்தில் உள்ள பற்றாக்குறைக்கு அந்தஸ்து மாற்றாகிறது. அரைக்கால் என்பது கால் வேலியின் பாதி என்பதால், இந்த மாற்று வீதத்தைக் கல்லிலேயே காட்டிவிடலாம். வெபரின் நூலைப் புரட்டாமலே அவருடைய கருத்தை ஒரு வகுப்பு விளங்கிக்கொள்ள இந்த ஒரு விதி போதும்.

மூன்றும் பிரிந்து நிற்கும் நிலைக்கும் தமிழகத்திலேயே சான்று உண்டு. தஞ்சைப் பகுதியின் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய், அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரிட்டு 1965இல் வெளியிட்ட நூலில், முன்பு அக்கிரகாரத்திடம் ஒருங்கே குவிந்திருந்த சாதி மேன்மை, நிலம், அதிகாரம் ஆகியவை வயதுவந்தோர் வாக்குரிமையும் பஞ்சாயத்தும் வந்தபின் ஒன்றிலிருந்து ஒன்று விலகத் தொடங்கியதைக் காட்டினார். அவர் கையாண்ட சட்டகம் வெபரிடமிருந்து பெற்றது. இதற்கு உரையில் இரண்டு வாக்கியங்கள் போதும், அதற்கு மேல் நீட்டினால் குடவோலைக்கு இடமிராது.

கடைசி ஒரு நிமிடத்தைப் பெரும்பாலான குழுக்கள் நன்றி கூறுவதில் கழிக்கின்றன. அதை எல்லைகளுக்கு ஒதுக்கினால் உரை ஒரு படி உயரும். கறாரான பொருளில் வர்க்கம் என்பது சந்தையை ஒட்டியது என்று வெபர் கருதியதால், பத்தாம் நூற்றாண்டின் கால் வேலி நிலத்தை அப்பெயரால் அழைப்பது ஓரளவு நீட்சியே என்பதை உரையே சொல்லிவிட வேண்டும்; சொல்லாவிட்டால் வகுப்பில் ஒருவர் எழுந்து கேட்பார். பதவியும் அதிகாரமும் ஒன்றல்ல என்பது அதைவிட முக்கியமான எல்லை. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் 2006 வரை, ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் தேர்தல் முறையாக நடைபெறவில்லை, நடந்தபோதும் வென்றவர்கள் உடனே பதவி விலகினர். சட்டம் அளித்த நாற்காலி, எதிர்ப்பை மீறித் தன் விருப்பத்தை நிறைவேற்றும் வாய்ப்பை அளிக்கவில்லை. ஆகவே வெபரின் வரையறைப்படி அது அதிகாரம் ஆகவில்லை.

குழுவினர் நால்வர் என்பதற்காக உரையை நான்கு துண்டுகளாக வெட்டுவது பரவலான வழக்கம். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் நொடிகள் வீணாவதோடு, முதல் துண்டில் வரையறுத்த சொல்லை மூன்றாம் துண்டைப் பேசுபவர் வேறு பொருளில் ஆண்டுவிடுவதும் நேர்கிறது. இருவர் பேசி, மற்ற இருவர் கேள்விகளுக்கு விடையளிக்க அணியமாக இருப்பது மேல். குடவோலை பற்றி எழக்கூடிய கேள்வி முன்கூட்டியே தெரிந்ததுதான்: விதிகளின்படி உண்மையில் யார் தேர்ந்தெடுக்கப்பட்டனர், நிலமற்றோருக்கு ஊர் விவகாரத்தில் ஏதேனும் குரல் இருந்ததா? கல்வெட்டு விதியைத்தான் கூறுகிறது, நடைமுறையை அன்று. ஸ்ரீபுரத்தில் தங்கிப் பார்த்தவருக்குக் கிடைத்த சான்று குடத்தருகே நின்ற எவரிடமிருந்தும் நமக்கு வந்து சேரவில்லை என்பதே அக்கேள்விக்கு அக்குழு அளிக்கக்கூடிய நேர்மையான விடை.