திறந்த ஒயின் போத்தலைக் கெடாமல் காப்பது எப்படி?

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், நம் தோட்டத்து அக்கா ஒருவர் கையில் ஒரு போத்தலுடன் வந்தார். “ஏன் சார், கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டாரா? அன்னைக்கு இனிப்பா இருந்திச்சு. இன்னைக்கு சம்பந்தி வீட்டார் வந்தாங்க, ஊத்திக் கொடுத்தா முகத்தைச் சுளிக்கிறாங்க” என்றார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தோம். வினிகர் வாடை மூக்கைத் துளைத்தது. கடைக்காரர் மீது குற்றமில்லை. பெருநாளுக்கு முந்தைய இரவு போத்தலைத் திறந்து, நான்கு குவளை ஊற்றி, மீதியைத் தக்கையால் அடைத்து, அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது.

“வெள்ளைக்காரர்கள் ஒயினை நிலத்துக்கு அடியில் குளிர்ந்த அறையில் வைப்பார்களாமே, நம் தகரக் கூரை வீட்டில் எங்கே போவது?” என்று அந்த அக்கா கேட்டார். நிலவறை என்பது திறக்காத போத்தலை ஆண்டுக்கணக்கில் வைப்பதற்கு உள்ள இடம். திறந்த போத்தலை அங்கே கொண்டுபோய் வைத்தாலும் சில நாளில் கெட்டுத்தான் போகும். திறந்த ஒயினுக்கு எதிரி காற்று. வெப்பம் அந்தக் காற்றுக்குத் துணை நிற்கிறது. இந்த இரண்டையும் தடுக்க நிலவறை தேவையில்லை.

முன்பு தோட்டத்துக் கள்ளுக்கடைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலையில் புளிக்கும், மேலும் வைத்தால் காடியாகிவிடும். சாராயச் சத்தைக் காடியாக மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள். அவை காற்றில்லாமல் பெருக முடியாது. நம் நாட்டு வெப்பமான 28, 30 பாகை அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது. ஒயினிலும் அவைதான் வேலை செய்கின்றன. அவை வருவதற்கு முன்பே காற்றிலுள்ள உயிர்வளி ஒயினோடு கலந்து அதன் மணத்தைக் கெடுத்துவிடும். ஆப்பிளை நறுக்கி வைத்தால் பழுப்பாகிறதல்லவா, ஏறக்குறைய அதே மாற்றந்தான் இதுவும்.

அக்காவின் போத்தலையே கணக்குப் பார்ப்போம். முழுப் போத்தலில் 750 மில்லிலிட்டர் இருந்தது. நூறு நூறாக நான்கு குவளை ஊற்றிய பின் மீதி 350. காலியான 400 மில்லிலிட்டர் இடத்தில் காற்று புகுந்துகொண்டது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்வளி. ஆகவே 80 மில்லிலிட்டர் உயிர்வளி. தக்கையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் பயனில்லை. திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போலத்தான்.

அப்படியானால் என்ன செய்வது? மிச்சம் விழுந்த பிறகு யோசிக்காமல், திறந்த உடனேயே, முதல் குவளை ஊற்றும் முன்பே, மிச்சத்தைப் பிரித்து வைத்துவிட வேண்டும். ஏறக்குறைய 350 மில்லிலிட்டர் கொள்ளும், திருகு மூடியுள்ள சிறு கண்ணாடிப் போத்தல் ஒன்றை முன்கூட்டியே கழுவிக்கொள்ளுங்கள். முதலில் வெந்நீரும் பிறகு கொதிநீரும் விட்டு அலசுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீர் விட்டால் கண்ணாடி விரிசல் விடும். சவர்க்கார வாடை துளியும் இருக்கக்கூடாது. தலைகீழாகக் கவிழ்த்து, நீர் வடிந்து நன்றாக ஆறிய பிறகே பயன்படுத்துங்கள். புனலைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, போத்தலின் உட்பக்கச் சுவரில் வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். உயரத்திலிருந்து தேத்தாரேக் போல ஆற்றி ஊற்றினால் காற்றை நாமே கலந்து கொடுத்தவர்களாவோம். மூடியைத் தொடும் அளவுக்கு நிரப்பி இறுக்கி மூடுங்கள். இப்போது உள்ளே உள்ள காற்று ஐந்து மில்லிலிட்டருக்கு மேல் இராது. அதில் உயிர்வளி ஒரே ஒரு மில்லிலிட்டர். முன்பு எண்பது இருந்த இடத்தில் இப்போது ஒன்று.

மூடியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். கதவுத் தட்டு வேண்டாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும். சிவப்பு ஒயினைக் குளிரில் வைக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். குடிக்கும்போது அது சில்லென்று இருக்க வேண்டாம் என்பதே அதன் பொருள். அரைமணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தால் போதும். அடியில் சர்க்கரைத் துகள் போல் ஏதாவது படிந்திருந்தால் அஞ்ச வேண்டாம். அது திராட்சையிலுள்ள புளிப்பு உப்பு. குளிரில் உறைந்து படிவது.

இவ்வாறு நிரப்பி வைத்தால் ஒரு வாரம் நன்றாகவே இருக்கும். சில வகை இரண்டு வாரமும் தாங்கும். மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எண்ண வேண்டாம், ஊற்றும்போதே சிறிது காற்று கலந்துவிடுகிறது. சிறு போத்தல் கிடைக்காமல், அரைப்போத்தலை அப்படியே குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். பெட்டியே இல்லாதவர்கள் அன்றோ மறுநாளோ முடித்துவிடுவதே நல்லது. ஈரத்துணி சுற்றி வைக்கலாமே என்பார்கள். வறண்ட நாட்டில் அது பயன் தரும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். துணியிலுள்ள நீர் எளிதில் ஆவியாகாது. நான்கைந்து பாகை குறைந்தாலே பெரிது.

ஒரு விதிவிலக்கை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் நாமே திராட்சையும் சீனியும் ஈஸ்டும் சேர்த்துச் செய்த ஒயினை இப்படி நிரப்பி இறுக்கி வெளியே வைக்கக்கூடாது. அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். மிச்சமுள்ள சீனியைத் தின்று வாயுவை வெளிவிட்டால் கண்ணாடிப் போத்தல் வெடித்துவிடும். அதைக் குளிர்பதனப் பெட்டியில், மூடியைச் சற்றுத் தளர்த்தி வைப்பதே சரி.

போத்தலைப் பற்றி இன்னொன்று. ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலமோ, களைக்கொல்லியோ, மண்ணெண்ணெயோ ஒருமுறை இருந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. பான போத்தலில் ஊற்றி வைத்த மருந்தைப் பானமென்று எண்ணிக் குடித்து மாண்டவர்கள் உண்டு. அதுபோலவே, ஒயினை நிரப்பிய போத்தலும் பிள்ளைகள் கண்ணுக்குச் சர்பத்தாகத் தோன்றும். ஒரு தாளில் ‘ஒயின்’ என்று எழுதி, திறந்த தேதியையும் குறித்து ஒட்டி, கைக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள்.

கெட்டுவிட்டதா என்று அறிவதற்கு மூக்கே போதும். நறுக்கி வைத்த ஆப்பிள் வாடை, மந்தமான சுவை, சிவப்பு நிறம் பழுப்பாக மாறுவது ஆகியவை முதல் அறிகுறிகள். அந்த நிலையில் இறைச்சிக் குழம்புக்கு ஊற்றிவிடலாம். வினிகர் வாடையோ, நகச்சாயத்தின் வாடையோ, மேலே வெள்ளை ஏடோ வந்துவிட்டால் விருந்தினருக்குக் கொடுப்பதற்கில்லை. அதை வைத்து ஊறுகாய் போடவும் வேண்டாம். அதன் புளிப்பு ஊறுகாயைக் காக்கும் அளவுக்கு இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

அந்த அக்கா மறு ஆண்டு 24ஆம் தேதி இரவு, குவளைகளை எடுக்கும் முன்பே சிறு போத்தலை நிரப்பிவிட்டார். புத்தாண்டன்று சம்பந்தி வீட்டார் மீண்டும் வந்தபோது அதைத் திறந்தாராம். “ரெண்டு குவளைக்கு மேல யாருக்கும் கிடைக்கல சார்” என்று நம்மிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.