மாரிக்கு முந்திய கணக்கு



கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும். பல நாள் தோணி இறங்காது. மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் "மூன்று மாதச் செலவைக் கையில் வை" என்ற கணக்கு இங்கே போதாது.

ஒரு மீனவக் குடும்பத்தை எடுப்போம். அரிசி, கறிச்சாமான், மின்கட்டணம், பிள்ளைகளின் படிப்பு என்று தவிர்க்க முடியாத செலவு மாதம் 60,000 ரூபாய். மாரியில் கைக்கு வருவதோ 20,000தான். மாதம் 40,000 துண்டு விழுகிறது. மூன்று மாதத்துக்கு 120,000. இதை அவசரம் என்று சொல்ல முடியாது, வருடா வருடம் வருகிறதே! ஆகவே இது ஒக்டோபருக்குள் தனியாகச் சேர வேண்டும்.

நோய், எஞ்சின் பழுது, 2022இல் வந்த மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு போன்றவற்றுக்குத்தான் அந்த மூன்று மாதச் செலவு, 180,000 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 3 இலட்சம்.

அவசரம் எதுவும் வராமலே பெப்ரவரியில் அந்த 180,000 குறைந்திருந்தால், மாரிச் செலவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, சேமிப்பு நிஸாபை எட்டி ஒரு சந்திர வருடம் கடந்தால் இரண்டரை வீதம் ஸகாத் உண்டு. அதையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.