நன்றியுரைக்கு மூன்று நிமிடம்

(ஒன்றிய அளவிலான பேச்சாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் இங்கே பதிவிடுகிறோம்.)



காலையிலிருந்து வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரைன்னு கேட்டுக் கேட்டு எல்லாரும் களைச்சிருக்கீங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு நன்றியுரை. வழக்கமா ஜனங்க செருப்பைத் தேடிக்கிட்டிருக்கிற நேரத்துல வர்ற உரை அது. அதனாலதானோ என்னவோ, நம்ம ஆளுங்க யாரும் அதுக்குத் தயார் பண்ணிக்கிட்டுப் போறதே இல்லை.

நம் கூட்டத்து நன்றியுரையைப் பற்றி நான் பேசப் போறதில்லை. அரசுப் பள்ளி ஆண்டு விழாவை எடுத்துக்குவோம். உங்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினரா இருக்கீங்க. சிலர் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கீங்க. "நல்லா பேசுவீங்களே, நன்றியுரையை நீங்களே சொல்லிடுங்க"ன்னு தலைமையாசிரியர் உங்களைத்தான் கூப்பிடுவார். முதல் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிடறேன். அந்த மேடையில நீங்க பள்ளியோட வாயா நிற்கிறீங்க. தோள்ல துண்டு வேண்டாம், தலைவர் பேர் வேண்டாம், கோஷம் வேண்டவே வேண்டாம். நீங்க பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க, மறுநாள் பதில் சொல்ல வேண்டியது அந்தத் தலைமையாசிரியர்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்றேன். பல வருஷம் ஆச்சு. ஒரு பள்ளி ஆண்டு விழா, ராத்திரி ஒன்பதே கால் ஆயிடுச்சு. கையில இரண்டு பக்கம் எழுதி வச்சிருந்தேன். மைக் முன்னாடி போகும்போது பக்கத்துல இருந்தவர் "சுருக்கமா முடிங்க"ன்னார். சரின்னு முதல் பக்கத்தை அப்படியே வாசிச்சேன். சிறப்பு விருந்தினருக்கு மட்டும் ஏழு அடைமொழி. இரண்டாம் பக்கத்தை மடிச்சுப் பையில போட்டுட்டு "மற்றும் அனைவருக்கும் நன்றி"ன்னு முடிச்சிட்டேன்.

அந்த இரண்டாம் பக்கத்துல ஓர் அம்மா பேர் இருந்தது. இறந்து போன மகள் நினைவா வங்கியில பணம் போட்டு, அந்த வட்டியில வருஷா வருஷம் கணக்குல முதல் மதிப்பெண் வாங்குற பிள்ளைக்குப் பரிசு கொடுக்குறவங்க. இரண்டு பஸ் மாறி வந்து, மூணாவது வரிசையில கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. அந்த மகள் பேரை மேடையில ஒரு தடவை கேட்கணும்னுதான் வந்திருந்தாங்கன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது. என்கிட்ட அவங்க ஒண்ணும் கேட்கலை. அடுத்த வருஷம் அவங்க வரலை.

அன்னைக்குக் கத்துக்கிட்டது இதுதான்: நேரம் குறையும்போது அடைமொழியை வெட்டுங்க, பேரை வெட்டாதீங்க. "கல்வி வள்ளல், பண்பாளர், எளிமையின் சிகரம்"னு சொல்ற நேரத்துல மூணு பேர் பேரைச் சொல்லி முடிச்சிடலாம். அடைமொழி இல்லைன்னு எந்த விருந்தினரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்போ பேரை எப்படிச் சேகரிக்கிறது? அழைப்பிதழ் உங்க முதல் ஆதாரம். ஆனா அது விழாவுக்குப் பத்து நாள் முன்னாடி அச்சடிச்சது. அதில பேர் இருக்கிறவர் வராம இருக்கலாம், அவருக்குப் பதிலா வேற ஒருவர் வந்திருக்கலாம். வராதவருக்கு "வருகை தந்து சிறப்பித்தமைக்கு நன்றி"ன்னு சொல்லிட்டுக் கூட்டத்தோட சிரிப்பை வாங்கினவங்களை நானே பார்த்திருக்கேன். அதனால விழா ஆரம்பிச்ச பிறகு, மேடையைப் பார்த்துக்கிட்டே அழைப்பிதழ்ல பேனாவால ஒவ்வொரு பேருக்கும் டிக் போடுங்க. இரண்டாவது, தலைமையாசிரியர்கிட்ட நன்கொடைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்க. அதுல முன்னெழுத்து, காலஞ்சென்றவரா இருக்கிறவரா, இதை எல்லாம் அவர் வாயாலேயே ஒருமுறை சரிபார்த்துக்கங்க.

மூணாவது யாரும் செய்யாத வேலை. விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மேடைக்குப் பின்னாடி ஒரு சுற்று சுற்றி வாங்க. மைக்செட்காரர் யாரு, பந்தல் போட்டது யாரு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு தயார் பண்ற அக்காங்க யாரு, ஜெனரேட்டர் யார் வீட்டுது, மைதானத்தைக் கூட்டினது யாரு? பேரைக் கேட்டு எழுதிக்கங்க. இது எந்த அழைப்பிதழ்லயும் இருக்காது.

பேர் சொல்றதுல ஒரு கண்ணி இருக்கு. பதினோரு ஆசிரியர்ல நாலு பேர் பேரை மட்டும் சொன்னீங்கன்னா ஏழு பேரை விட்டுட்டீங்கன்னுதான் அர்த்தம். ஒரு குழுவில் பேர் சொன்னா எல்லார் பேரையும் சொல்லணும், முடியலைன்னா "ஆசிரியப் பெருமக்கள்"னு மொத்தமா சொல்லணும். நடுவழி கிடையாது. "யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க"ன்னு கடைசியில ஒரு வரி சொல்றது வழக்கம். சொல்லலாம். ஆனா விடுபட்டவர் மனசுக்கு அது மருந்து இல்லை.

அடுத்து வரிசை. வெளியிலிருந்து வந்தவர் முதல்ல, வீட்டுக்காரங்க பிறகு. சிறப்பு விருந்தினர், தலைமை வகித்தவர், முன்னிலை, வாழ்த்துரை வழங்கியவர்கள், நன்கொடையாளர்கள். அதுக்கப்புறம் ஆசிரியர்கள், மேலாண்மைக் குழு, உழைச்சவங்க, மாணவர்கள், கடைசியா எதிரே உட்கார்ந்திருக்கிற பெற்றோர்கள். சில ஊர்ல தலைமை வகித்தவருக்கு முதல் நன்றி சொல்வாங்க. அதுவும் முறைதான், அந்தப் பள்ளி வழக்கம் எதுவோ அதைக் கேட்டுக்கங்க. முன்னிலை வகித்தவங்களுக்குள்ள யார் முன்னே யார் பின்னேன்னு தகராறு வந்தா, அழைப்பிதழ்ல அச்சான வரிசைப்படியே வாசிச்சிடுங்க. யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

தமிழ்ல இன்னொரு சிக்கல். நம்ம மொழியில வினைச்சொல் கடைசியில வருது. அதனால ஒவ்வொரு ஆளுக்கும் "எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக் கொள்கிறேன்"னு முடிச்சா, இருபது பேருக்கு இருபது தடவை அதே வால் ஆடும். ஒரு வகையா இருக்கிறவங்களை ஒண்ணா சேர்த்து, அவங்க செய்த காரியத்தை முதல்ல சொல்லி, பேர்களை அடுக்கி, ஒரே ஒரு நன்றியில முடிங்க. "நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்"னு சொல்லிட்டு நன்றியே சொல்லாம அடுத்த ஆளுக்குப் போறவங்களும் உண்டு. கடன்பட்டிருக்கேன்னு சொன்னா போதாதுங்க, கொடுத்துடணும்.

மாதிரிக்கு ஒண்ணு வாசிக்கிறேன். ஒரு நடுநிலைப் பள்ளின்னு வச்சுக்கங்க. இன்னார்னு வர்ற இடத்துல உங்க ஊர்ப் பேரைப் போட்டுக்கங்க.

"அனைவருக்கும் வணக்கம். வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்து, பிள்ளைகள் கையில் பரிசு கொடுத்த சிறப்பு விருந்தினர் இன்னார் அவர்களுக்குப் பள்ளியின் நன்றி. வீட்டில் தினமும் பத்து நிமிடம் பிள்ளைகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் என்று ஐயா சொன்னதை நாங்கள் செய்து பார்க்கிறோம். விழாவுக்குத் தலைமை ஏற்று, ஆண்டறிக்கையும் வாசித்த தலைமையாசிரியர் இன்னார் அவர்களுக்கும், முன்னிலை வகித்த இன்னார், இன்னார் அவர்களுக்கும், வாழ்த்திப் பேசிய இன்னார் அவர்களுக்கும் நன்றி.

மகள் இன்னார் நினைவாகக் கணக்குப் பாடப் பரிசை நிறுவி, இன்று நேரில் வந்திருக்கும் அம்மா இன்னார் அவர்களுக்கும், ஆறு மின்விசிறிகள் வாங்கித் தந்த முன்னாள் மாணவர்களுக்கும் நன்றி.

மாலை நேரத்திலும் இருந்து பிள்ளைகளுக்கு நாடகமும் கும்மியும் பழக்கிய ஆசிரியப் பெருமக்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் நன்றி. சமைத்துப் பரிமாறிய இன்னார், இன்னார், மைதானத்தைச் சுத்தம் செய்த இன்னார், பந்தல், ஒலி, ஒளி அமைத்த இன்னார் ஆகியோருக்கும் நன்றி. மேடை ஏறிய பிள்ளைகளுக்கும், ஏறாமல் கைதட்டிய பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்து வந்த பெற்றோருக்கும் நன்றி.

ஓர் அறிவிப்பு. சிறு பிள்ளைகளை வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு அழைத்துச் செல்லவும். இப்போது நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்."

இவ்வளவுதான். பேர்களோட சேர்த்து நிதானமா வாசிச்சாலும் மூணு நிமிஷத்துக்குள்ள முடியும். கையெழுத்துல எழுதினா தாளோட ஒரு பக்கம் தாண்டக் கூடாது. தாண்டினா என்னை மாதிரி மடிச்சுப் பையில போடத் தோணும்.

விருந்தினர் சொன்ன விஷயத்துக்கு ஒரு வரி இருந்ததைக் கவனிச்சீங்களா? அந்த வரியை வீட்டுல எழுத முடியாது. தாள்ல ஒரு வரி காலியா விட்டுட்டுப் போங்க, அவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்டு நிரப்புங்க. ஒரே வரிதான். அவர் உரையை நீங்க மறுபடி நடத்தக் கூடாது.

கடைசியா, நேரத்தைப் பற்றி. ஆண்டு விழாவில் பரிசளிப்பு முடிஞ்சதும் விருந்தினர் கிளம்பிடுவார், அப்புறம் கலை நிகழ்ச்சி ஒன்றரை மணி நேரம் ஓடும். அது முடிஞ்சு நீங்க காலி நாற்காலிக்கு நன்றி சொல்லிக்கிட்டு நிற்கணும். அதனால கலை நிகழ்ச்சிக்கு முன்னாடியே நன்றியுரையை வைக்கச் சொல்லித் தலைமையாசிரியர்கிட்ட முதல் நாளே பேசிடுங்க. ஆனா நாட்டுப்பண்ணை அதோட சேர்த்துப் பாடிடக் கூடாது. தமிழ்த்தாய் வாழ்த்து தொடக்கத்துல, நாட்டுப்பண் நிகழ்ச்சி முழுக்க முடிஞ்ச பிறகு. அப்படி முன்னாடி பேசினா மாதிரி உரையோட கடைசிப் பத்தியை எடுத்துத் தொகுப்பாளர் கையில கொடுத்துடுங்க, அவர் முடிவுல வாசிக்கட்டும். நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. அது முடிஞ்ச பிறகு மைக்கைத் தொடாதீங்க. சாவி தொலைஞ்சது, வண்டி வழியை மறிச்சு நிற்குதுங்கிற அறிவிப்பெல்லாம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

இப்போ ஆளுக்கொரு பழைய அழைப்பிதழ் தர்றோம். அதுல இரண்டு பேர் வரலை, ஒருத்தர் புதுசா வந்திருக்கார்னு வச்சுக்கங்க. பதினஞ்சு நிமிஷத்துல ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாங்க, கடிகாரம் வச்சு ஒவ்வொருத்தரா வாசிச்சுப் பார்ப்போம். பேனா இல்லாதவங்க பின்வரிசையில நம்ம தோழர்கிட்ட வாங்கிக்கங்க.