வைக்கோலும் நெல்லும்

இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டிலும் வயல் செய்தோர் முன்னாளில் இட்ட நெல்லினங்களுள் மொட்டைக்கறுப்பனும் ஒன்று. ஆளுயரம் வளர்ந்து மாட்டுக்கு வைக்கோலை நிறையத் தரும். ஆயினும் களத்தில் தூற்றி அளக்கும்போது நெல் குறைவாகவே இருக்கும்.

ஓர் ஏக்கர் வயலில் நிலத்துக்கு மேல் நிற்கும் பயிர் முழுவதையும் உலர்த்தி நிறுத்தால் 4000 கிலோ வருகிறதென்று கொள்வோம். அதில் மணி மட்டும் 1200 கிலோவாயின் பங்கு 0.3 ஆகும். இப்பங்கையே அறுவடைச் சுட்டி என்பர். அதே 4000 கிலோவில் மணி 2000 கிலோவாயின் சுட்டி 0.5. மொத்தம் ஒரு கிலோவும் கூடவில்லை. விளைவோ ஏறத்தாழ 57 புசலிலிருந்து 96 புசலாகிறது. பழைய நெட்டை நெல்லுக்கும் இன்றைய குட்டை நெல்லுக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் இதுவே.

மொத்தத்தையே பெருக்கலாகாதா என்று கேட்கலாம். பயிரின் எடை, இலைகள் பிடிக்கும் வெயிலின் அளவைப் பொறுத்தது. இலைகள் நிலத்தை மூடிவிட்டபின் மேலும் இலை விட்டாலும் பிடிப்பதற்கு ஒளி மிஞ்சியிராது. வயது நீண்டால் எடை கூடும். ஆனால் காலபோகத்து மழையும் குளத்து நீரும் அதுவரை காத்திரா. ஒளியைச் சர்க்கரையாக்கும் இலையின் திறனையே உயர்த்துவது பெருங்கடினம். ஆகவே உண்டான சர்க்கரை எங்கே போகிறது என்பதில் கைவைப்பது எளிதாயிற்று.

இலை ஊற்று, மணி அதை ஏற்கும் கொள்கலம். வளரும் தண்டும் ஒரு கொள்கலமே. 1966இல் பிலிப்பைன்சில் வெளியான ஐ.ஆர். 8 நெல்லில், தண்டை நீட்டும் வளர்ச்சிப் பொருள் குறையும்படி ஒரு மரபணு மாறியிருந்தது. தண்டு குறுகவே, அதற்குப் போன பங்கில் ஒரு பகுதி கதிருக்குத் திரும்பிற்று. பசளை இட்டாலும் பயிர் எளிதில் சாயாது நின்றது. சாயாத பயிரே மிகுந்த பசளையைத் தாங்கும். அவ்வழியில் மொத்த எடையும் ஓரளவு கூடுவதுண்டு. இலங்கையில் 1958இல் வெளியான எச்-4 நெட்டை இனம். பசளை மிகுந்தால் சாய்ந்துவிடும். 1970இல் பத்தலகொடையிலிருந்து வந்த பி.ஜி. 11-11 குட்டையானது.

இந்தப் பங்கீட்டுக்கும் எல்லை உண்டு. இலையும் தண்டும் இன்றிக் கதிர் நிற்காது. சுட்டி 0.5ஐத் தாண்டியபின் ஒவ்வொரு படியும் கடினம். 1989ஆம் ஆண்டளவில் பிலிப்பைன்சு ஆய்வு நிலையம் சில பெருங்கதிர்களைத் தாங்கும் புதிய பயிரமைப்பை உருவாக்க முற்பட்டது. கதிர் பெரிதாயிற்று, மணியோ நன்றாக நிரம்பவில்லை. கொள்கலம் பெருத்தும் ஊற்று போதவில்லை.

இதனை வயலிலேயே ஓரளவு அறியலாம். கதிரின் அடிப்பகுதி மணிகள் பதராகவோ அரைமணியாகவோ நின்றால், பூச்சியும் நோயும் பூக்கும்போது வறட்சியும் இல்லாதவிடத்து, ஊற்றே குறை. மேகம் மூடிய மார்கழியில் இது நேரும். மணிகள் யாவும் நிரம்பியும் தண்டு கனமாகவும் இலை பச்சையாகவும் நின்றால் கொள்கலமே சிறிது. நெல்லின் உமி மணியை ஓரளவுக்கு மேல் பருக்கவிடாது. அவ்விடத்தில் வேண்டுவது அதிக மணிகளே. முன்னதற்கு அதிக மணிகளைச் சேர்ப்பது பதரையே சேர்க்கும்.