ஷாட்ஸ், பூகி, வாக்ஸ்மன்



கூட்டுக் கட்டுரையில் யார் பெயர் எங்கே வரவேண்டும் என்ற பிணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நான் ஒரே ஒரு கட்டுரையை உங்கள் முன் வைக்கிறேன். 1944 ஜனவரியில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை உலகுக்கு அறிவித்த கட்டுரை அது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. ஆல்பர்ட் ஷாட்ஸ், எலிசபெத் பூகி, செல்மன் வாக்ஸ்மன் என்பது பெயர் வரிசை.

ஷாட்ஸ் அப்போது முனைவர் பட்ட மாணவர். 1943இல் ஆய்வகத்தின் அடித்தளத்தில் உழைத்து, அம்மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தவர் அவர். வாக்ஸ்மன் ஆய்வகத் தலைவர். மண்ணின் நுண்ணுயிரிகளை முறையாகச் சலித்துத் தேடும் வழியை அங்கே வளர்த்தவர். அதே வழியில் ஆக்டினோமைசினும் ஸ்ட்ரெப்டோத்ரிசினும் ஏற்கெனவே கிடைத்திருந்தன. முதல் பெயரைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தவர் ஷாட்ஸ் என்றார்கள். கடைசிப் பெயரைப் பார்த்தவர்களோ, வகுத்த வழியில் ஒரு மாணவர் கைவேலை செய்தார், அவ்வளவுதான் என்றார்கள். இரண்டு வாசிப்புக்கும் அந்த வரிசை இடம்கொடுத்தது. எந்தப் பகுதியை யார் செய்தார் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

காப்புரிமை ஆவணத்தில் வாக்ஸ்மன், ஷாட்ஸ் இருவர் பெயர் மட்டுமே இடம்பெற்றது. பூகி அங்கே இல்லை. பின்னர் மருந்தின் உரிமத்தொகையில் வாக்ஸ்மனுக்குப் பங்கு போவதை அறிந்த ஷாட்ஸ் 1950இல் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே சமரசமாயிற்று. ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என ஏற்கப்பட்டார். உரிமத்தொகையில் அவருக்கு 3 விழுக்காடு, வாக்ஸ்மனுக்கு 10 விழுக்காடு. பூகிக்குக் கிடைத்தது 0.2 விழுக்காடு. ஆனால் 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போனது, அதுவும் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததற்காக என்ற குறிப்போடு. முதல் பெயராக இருந்தும் ஷாட்ஸுக்கு அது உதவவில்லை.

எனவே, வரிசையை எப்படி அமைப்பது என்பதோடு நம் விவாதம் நின்றுவிடக் கூடாது என்று கருதுகிறேன். இன்று பல இதழ்கள் 14 பங்களிப்பு வகைகளைக் கொடுத்து, யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. கருத்துருவாக்கம், சோதனை, தரவுப் பகுப்பாய்வு, நிதி திரட்டல் எனத் தனித்தனியே குறிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் படிவம் கட்டுரையை அனுப்பும் நாளில் நிரப்பப்படுகிறது. அன்று நெறியாளரின் கையெழுத்து மாணவருக்குத் தேவை. பரிந்துரைக் கடிதமும் தேவை. பாதியில் வேலை மாறிப்போன ஆய்வு உதவியாளர் அந்த அறையிலேயே இருக்கமாட்டார். பூகி போன்றவர்கள் அங்கேதான் விடுபடுகிறார்கள்.

பங்களிப்புக் குறிப்பைச் சோதனை தொடங்கும் வாரத்திலேயே எழுதி, ஒவ்வொருவரும் சேரும்போதும் விலகும்போதும் தேதியிட்டுத் திருத்த வேண்டும். பிற்பகல் அமர்வில் அதற்கான வரைவுப் படிவத்தை உங்கள் முன் வைக்கிறேன். துறைவாரியாகப் பிரிந்து அமர்ந்து, ஆய்வு உதவியாளர்களை முதலில் பேசவிட்டு, அதை வெட்டித் திருத்தித் தாருங்கள்.